முதல் நாள்: புதுசா சேர்றவங்களுக்கான வீடியோ ஸ்க்ரிப்ட்

(மொத்தம் மூன்றரை நிமிஷம். பேசறவர் சப்போர்ட் டீம்ல எட்டு மாசமா இருக்கற நம்ம ஆளு, ஆக்டர் வேணாம். ஆபீஸை மேலேருந்து காட்டற ட்ரோன் ஷாட், கைகுலுக்கற ஷாட் எதுவும் வேணாம். முதல் நாள் நிறைய பேர் கையில ஹெட்போன் இருக்காது, அதனால சப்டைட்டில் கண்டிப்பா போடணும்.)

காட்சி 1, 0:00 - 0:40

(ஸ்க்ரீன் முழுக்க ஒரே மெசேஜ்: "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை". மியூசிக் இல்ல. மவுஸ் க்ளிக் சத்தம் மட்டும், மூணு தடவை.)

குரல்: நான் சேர்ந்த முதல் வாரம் ரெண்டு நாள் பூரா இதைத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். சும்மா சொல்லல, நிஜமாவே ரெண்டு நாள்.

(பேசறவர் ஃப்ரேமுக்குள்ள வர்றார், தன்னோட சீட்லயே உக்காந்தபடி.)

பேசறவர்: வணக்கம். கேட்டா இதுகூட தெரியாதான்னு நினைச்சிடுவாங்களோன்னு பயம். அதனால பிஸியா இருக்கற மாதிரி டேபை மாத்தி மாத்தி திறந்துட்டே இருந்தேன். மூணாவது நாள் டீம் லீட் தானா வந்து "என்னப்பா, அந்த டிக்கெட் என்னாச்சு"ன்னு கேட்டாங்க, அப்பதான் சொன்னேன். பெர்மிஷன் குடுக்க அவங்களுக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம்கூட இல்ல.

காட்சி 2, 0:40 - 1:25

(டீம் லீட் டேபிள். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. இது ரிகர்சல் பண்ணாம பேசட்டும், தடுமாறினா அப்படியே விட்ருங்க.)

பேசறவர்: மேடம், அன்னைக்கு என் மேல கோவம் வந்துச்சா?

டீம் லீட்: கோவம் எல்லாம் இல்லப்பா. கஸ்டமர் ஒருத்தர் ரெண்டு நாள் காத்துட்டு இருந்தாரே, அதான் வருத்தம். நீ கேக்காம இருந்தா நீ வேலை பாத்துட்டு இருக்கேன்னுதான நான் நினைப்பேன்?

பேசறவர்: (கேமராவைப் பாத்து) அதனால எங்க டீம்ல ஒரு வழக்கம் இருக்கு, நீங்களும் புடிச்சுக்கோங்க. ஒரு விஷயத்துல அரை மணி நேரம் மாட்டிக்கிட்டா டீம் சாட்ல கேட்டுடுங்க. கேக்கும்போது "வேலை செய்யல"ன்னு மட்டும் போடாதீங்க, என்ன பண்ண பாத்தீங்க, என்ன எரர் வந்துச்சு, ஒரு ஸ்க்ரீன்ஷாட். இந்த மூணும் இருந்தா ஒரே ரிப்ளைல முடிஞ்சிடும்.

காட்சி 3, 1:25 - 2:40

(ஒரு மெயில் ஸ்க்ரீன்ல. அஞ்சு செகண்ட் யாரும் பேச வேணாம், பாக்கறவங்களே படிக்கட்டும்.)

மெயில்: "நான் மீட்டிங்ல இருக்கேன், போன் பண்ண வேணாம். அவசரமா அஞ்சு கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை மட்டும் அனுப்பு."

பேசறவர்: அனுப்பினவர் பேர் எம்.டி. பேர்தான், போட்டோகூட அவரோடதுதான். இதுல எங்க தப்பு இருக்கு? வீடியோவை பாஸ் பண்ணி தேடுங்க.

(அனுப்புனர் முகவரி மெதுவா பெருசாகணும். மேல சரியானது, கீழ மெயில்ல வந்தது. ரெண்டுமே சாம்பிள் முகவரிதான்.)

```
md@example.com
md@exarnple.com
```

பேசறவர்: கீழ இருக்கறது m இல்ல, r-உம் n-உம் ஒட்டி நிக்குது. பேரையும் போட்டோவையும் யார் வேணா வெச்சுக்கலாம், முழு முகவரியைத்தான் பாக்கணும். அப்புறம் எழுத்தை விடுங்க, "போன் பண்ணாத, அவசரம், யார்கிட்டயும் சொல்லாத" இந்த மூணுல ஒண்ணு வந்தாலே கைய எடுத்துடுங்க. எம்.டி.யா இருந்தாலும் போன் பண்ணி கேளுங்க, அவர் கோச்சுக்க மாட்டார். ஓடிபியை ஐடி டீம்னு சொல்லி யார் கேட்டாலும் சொல்லாதீங்க, ஏன்னா எங்க ஐடி டீம் அதைக் கேக்கவே கேக்காது.

(பேசறவர் எழுந்து நடக்கறார், ரெண்டு அடி வெச்சதும் திரும்பி வந்து கீபோர்டைத் தட்டறார். க்ளோஸ் அப்: Windows + L)

பேசறவர்: சீட்டை விட்டு எழுந்தா இதை அழுத்தி ஸ்க்ரீனை லாக் பண்ணிடுங்க. நானே இப்ப மறந்துட்டேன் பாருங்க.

காட்சி 4, 2:40 - 3:05

(வேகமா போகணும், கட் கட்டா.)

பேசறவர்: லீவ், இன்சூரன்ஸ், சம்பள அக்கவுண்ட் எல்லாம் இங்க வாசிச்சா நீங்களும் தூங்குவீங்க நானும் தூங்குவேன். எல்லாமே ஹெச்ஆர் அனுப்பற வெல்கம் மெயில்ல இருக்கு. பேங்க் டீடெயில்ஸ் ஃபார்ம் மட்டும் இந்த வாரமே முடிச்சிடுங்க, லேட்டானா முதல் சம்பளம் அடுத்த மாசத்துக்கு தள்ளிடும். இதுல மட்டும் நான் விளையாடல.

காட்சி 5, 3:05 - 3:30

(மறுபடியும் அதே "அனுமதி இல்லை" மெசேஜ், ஆனா இது வேற ஒருத்தரோட லேப்டாப். புதுசா சேர்ந்த ஒருத்தர் சாட் திறக்கறார். டைப் பண்றது எழுத்து எழுத்தா தெரியணும்: "சாரி, ஒரு சின்ன டவுட்". நிறுத்தறார். "சாரி"யை அழிக்கறார். ஸ்க்ரீன்ஷாட்டை இணைச்சு அனுப்பறார். கீழ மூணு புள்ளி ஓடுது. பதில் வர்றதுக்கு முன்னாடியே கட்.)