வீட்டுக் கடன் ஒப்பந்தம், பிரிவு 4: மாறும் வட்டி விகிதம் (எளிய தமிழில்)

முதன்முறை கடன் வாங்கும் உங்களுக்காக 4ஆம் பிரிவை இங்கே எளிதாக எழுதியிருக்கிறோம். சட்டப்படி செல்லுபடியாவது நீங்கள் கையெழுத்திடும் ஆங்கில ஒப்பந்தம்தான். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எங்காவது தோன்றினால், கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

உங்கள் கடன் 30,00,000 ரூபாய். தவணைக்காலம் 240 மாதங்கள். 2025 ஆகஸ்டில் வட்டி ஆண்டுக்கு 8.00 சதவீதம், மாதத் தவணை 25,093 ரூபாய்.

4.1 இந்த 8 சதவீதம் எப்படி வந்தது

இதில் 5.50 சதவீதம், அப்போதைய ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் வட்டி. மீதி 2.50 சதவீதம் எங்கள் ஸ்பிரெட், அதாவது ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதம். ரெப்போவை ஏற்றுவதும் இறக்குவதும் எங்கள் கையில் இல்லை. அது எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4.00 சதவீதத்திலிருந்து 6.50 ஆக ஏறியது. அப்புறம் 2025இல் இறங்கத் தொடங்கி, ஜூனில் 5.50க்கு வந்தது.

4.2 எப்போது மாறும்

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் 1ஆம் தேதியில், அன்றைக்கு உள்ள ரெப்போவை வைத்து உங்கள் வட்டி மாற்றப்படும். நடுவில் ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த தேதி வரை உங்களைத் தொடாது.

4.3 ஸ்பிரெட்

உங்கள் கடன் தகுதி பெரிதும் மாறினால், உதாரணமாகத் தவணைகள் தொடர்ந்து தவறிப்போனால், ஸ்பிரெட்டில் அதற்கான பகுதியைக் கூட்டலாம். மற்ற பகுதிகளை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டலாம். புது வாடிக்கையாளருக்குக் குறைந்த ஸ்பிரெட் கொடுக்கிறோம் என்பதற்காக உங்களுடையது தானாகக் குறைந்துவிடாது. குறைக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம்.

4.4 வட்டி ஏறினால் எது கூடும்: தவணையா, காலமா?

இந்தப் பிரிவில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். வட்டி ஏறும்போது உங்களுக்கு எழுத்தில் தெரிவிப்போம். தவணையைக் கூட்டலாம், காலத்தை நீட்டலாம், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். 15 நாட்களுக்குள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் காலம் நீளும். மாதச் செலவு மாறாததால் அது சுலபமானதாகத் தோன்றும். கணக்கு வேறு மாதிரி.

கடன் தொடங்கியவுடனேயே வட்டி 8.50 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தவணையைக் கூட்டினால் அது 26,035 ரூபாய். மாதம் 942 ரூபாய் அதிகம், 240 மாதங்களில் மொத்தம் சுமார் 2.26 லட்சம். தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டினால் கடன் 266 மாதம் ஓடும். கூடுதலாகக் கட்டுவது சுமார் 6.5 லட்சம். இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் கடிதத்தை எடுத்து வைத்துவிடக் கூடாது. முடிந்தவர்கள் தவணையைக் கூட்டுவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

காலத்தை நீட்டுவதற்கும் எல்லை உண்டு. மொத்தம் 300 மாதங்களைத் தாண்டக் கூடாது. வட்டி 9.00 ஆனால் அதே தவணையில் 304 மாதம் தேவைப்படும்; ஆகவே தவணையும் கூடியே தீரும். 10.00 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டுமே 25,000 ரூபாய், அசலில் கழிவது வெறும் 93 ரூபாய். அந்த மாதத்து வட்டியைக்கூட ஈடுகட்டாத தவணை எந்தக் கட்டத்திலும் அனுமதிக்கப்படாது. அப்படி விட்டால் கட்டக் கட்டக் கடன் வளரும்.

4.5 வட்டி இறங்கினால்

தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைப்போம். தவணை குறைய வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள்.

4.6 நிலையான வட்டிக்கு மாறுவது

கடன் முடிவதற்குள் 2 முறை மாறிக்கொள்ளலாம். அன்றைய நிலையான வட்டி விகிதம் பொருந்தும், அது பெரும்பாலும் மாறும் வட்டியைவிட அதிகமாக இருக்கும். மாறுவதற்கான கட்டணம் கடன் அனுமதிக் கடிதத்தில் உள்ளது.

4.7 முன்கூட்டியே கட்டுவது

மாறும் வட்டியில் இருக்கும்வரை, கையில் பணம் வரும்போது கடனில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கட்டலாம். அதற்கு அபராதம் கிடையாது. பகுதியாகக் கட்டும் தொகை நேராக அசலில் கழியும். முதல் மாதம் நீங்கள் கட்டும் 25,093 ரூபாயில் 20,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. அதனால் தொடக்க ஆண்டுகளில் கட்டும் கூடுதல் பணம்தான் வட்டியை அதிகம் மிச்சப்படுத்தும். கட்டும்போது காலம் குறைய வேண்டுமா, தவணை குறைய வேண்டுமா என்று படிவத்தில் குறித்துக் கொடுங்கள்.