அங்கலேஷ்வர் வேலை குறித்த என் முடிவு

வணக்கங்க கவிதா மேடம்,

குஜராத் அங்கலேஷ்வர் பிளான்ட் மேனேஜர் வேலையை என்னால் இப்போது ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருந்தீர்கள். நேற்று இரவே முடிவாகிவிட்டது. அப்புறமும் வெள்ளி வரை உங்களைக் காக்க வைப்பது சரியில்லை. அடுத்த ஆளைப் பார்க்க இந்த மூன்று நாள் உங்களுக்கு உதவும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

காலையில் போனில் சொன்னபோது, "சரிங்க, ஆனா கம்பெனியில காரணம் கேப்பாங்க, கொஞ்சம் விளக்கமா எழுதி அனுப்புங்க" என்றீர்கள். கம்பெனிக்கு அனுப்ப அடுத்த பத்தி மட்டும் போதும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் உங்களுக்கு எழுதியது.

ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. சம்பளம், குவார்ட்டர்ஸ், பையனின் பள்ளிக்கூடச் செலவு என எதிலும் எனக்குக் குறை இல்லை. டெக்னிக்கல் ரவுண்டில் பேசிய இருவரும் என் பதில்களைப் பொறுமையாகக் கேட்டார்கள், அங்கே இருக்கும் சிக்கல்களையும் மறைக்காமல் சொன்னார்கள். இப்போது இருக்கும் பிளான்ட்டில் நான் பொறுப்பெடுத்த வேலை ஒன்று பாதியில் நிற்கிறது. அடுத்த ஒன்றரை வருடத்துக்கு ஊரை விட்டு வர முடியாத குடும்பச் சூழலும் இருக்கிறது. இந்த இரண்டுதான் காரணம். என் மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி. புது பிளான்ட் நல்லபடியாக ஓட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி உங்களுக்கு.

பாதியில் நிற்கும் வேலை எவாப்பரேட்டர்தான். எங்களுக்குச் சாயப்பட்டறைத் தண்ணீர் வருவது உங்களுக்குத் தெரியும். நுண்ணுயிர் வைத்து அழுக்கைக் கரைக்கும் பயாலஜிக்கல் முடிந்து, மெம்பரேனில் வடிகட்டும் ஆர்.ஓ.வுக்குப் போகிறது. ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிடும், அது திரும்பப் பட்டறைக்கே போய்விடும். மிச்சம் நிற்கும் உப்புத் தண்ணீரைத்தான் ரிஜெக்ட் என்கிறோம். ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்பதால் அதை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுத்தாக வேண்டும். சுண்ணாம்பு மாதிரி படிவு ஏறி ஏறி பழைய டியூப்கள் அடைத்துப்போயின. ஒவ்வொரு முறை கழுவி ஓட்டும்போதும் விறகுச் செலவு கூடிக்கொண்டே போனது. போன மாதம்தான் டியூப் எல்லாவற்றையும் மாற்றினோம். இப்போது டிரையல் ஓடுகிறது.

போன வியாழன் இரவு ஷிஃப்ட்டில் நானும் கூட இருந்தேன். மணி இரண்டரை இருக்கும். ஆபரேட்டர் பையன் ஒரு பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தான். டார்ச் அடித்துக் காட்டினான். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு உப்பு இறங்கி நின்றது. பழைய செட்டில் எப்போதும் மஞ்சள் தட்டித்தான் வரும், இது பளிச்சென்று இருந்தது. "வெள்ளையா வருதுங்ணா" என்றான். அந்த உப்பு வெள்ளையாக வந்தால்தான் பட்டறைக்காரர்கள் மறுபடி சாயத்தில் போட எடுப்பார்கள். இல்லையென்றால் மூட்டை கட்டி குடோனில் அடுக்க வேண்டியதுதான்.

அந்தப் பையனையும் சேர்த்து மூன்று ஷிஃப்ட் ஆட்களையும், நான் பக்கத்தில் இல்லாமலே ஓட்டும் அளவுக்குப் பழக்கித் தருகிறேன் என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னதுதான். அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பினால் சட்டப்படி யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த அறுபது நாளில் இது முடியாது. கோடை வந்து, தண்ணீர் வரத்து கூடி, ஒரு சுற்று படிவு ஏறி, அதைக் கழுவி மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் ஆட்கள் பழகியதாக அர்த்தம்.

இந்த வேலைமேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று முதல் சந்திப்பிலேயே கேட்டீர்கள். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. எங்கள் அப்பாரு தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து வரும் நொய்யல் எங்களிடம் வந்து சேரும்போது சாயத் தண்ணீராக இருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். தென்னை குருத்திலேயே காய்ந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் காலேஜில் இரண்டாம் வருடம். வேலை போய்த் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிய ஆட்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான், தண்ணீர் கெட்டு உட்கார்ந்திருந்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். தண்ணீரைச் சுத்தம் செய்து பட்டறையையும் ஓட்ட முடியும் என்றால் அந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது. அங்கலேஷ்வரிலும் அதே வேலைதான் என்பதால்தான் இத்தனை தூரம் உங்களோடு வந்தேன். வேண்டாம் என்று மனதில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு வரவில்லை.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று இந்த மாதம்தான் டாக்டர் சொன்னார். தையில் ஒரு கால், ஆறு மாதம் விட்டு அடுத்தது. அம்மா தனியாகத் தோட்டத்தையும் மாடுகளையும் பார்த்து, அப்பாவையும் நடக்கப் பழக்க முடியாது. கடைசி ரவுண்டு முடியும் வரை இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இதனால் உங்களுக்கு ஏற்பட்ட அலைச்சலுக்கு வருந்துகிறேன் மேடம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆஃபரைக் காட்டி நான் இங்கே சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். லெட்டர் வந்ததே இங்கே யாருக்கும் தெரியாது. அதே போல, "இன்னும் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லவா?" என்று நீங்கள் காலையில் கேட்டதற்கும் பதில், வேண்டாங்க. தொகை கூடினால் மாறும் முடிவு இல்லை இது. எனக்காக நீங்கள் அவர்களிடம் போய்க் கேட்டு, அப்புறமும் நான் வராமல் போனால், அங்கே உங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்புதான் குறையும்.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்க மாட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து என் ரெஸ்யூமை வரி வரியாகப் பார்த்தீர்கள். "பொறுப்பாக இருந்தேன், மேற்பார்வையிட்டேன்னு எழுதாதீங்க. தினம் எத்தனை லட்சம் லிட்டர் வருது, அதுல எவ்வளவு திரும்பக் கொடுக்கறீங்க, அதை எழுதுங்க" என்றீர்கள். பத்து வருடமாகச் செய்யும் வேலை, அன்று எண்களாக எழுதிப் பார்த்தபோதுதான் அதன் அளவு எனக்கே தெரிந்தது. அந்த ரெஸ்யூமை அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்த இடத்துக்கு ஒருவரைச் சொல்லலாமா? பெருந்துறையில் வேலை செய்யும் என் நண்பர். ஆர்.ஓ.விலும் எவாப்பரேட்டரிலும் எட்டு வருட அனுபவம், இந்தி நன்றாகப் பேசுவார். கல்யாணம் ஆகவில்லை, வெளி மாநிலம் போக வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று இரவு அவரிடம் கேட்டேன். உங்களிடம் பேசச் சம்மதம் என்றார், ரெஸ்யூமையும் அனுப்பச் சொன்னார், இதோடு இணைத்திருக்கிறேன். ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: அவர் இதுவரை பிளான்ட் முழுவதையும் தனியாகப் பொறுப்பேற்று நடத்தியதில்லை. சீனியர் இன்ஜினியர் அளவில் இருக்கிறார். அது கம்பெனிக்குச் சரிப்படுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். என் நண்பர் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் உண்மையாகக் கை வைத்து ஓட்டியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு முறை கேட்டீர்களே, இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "ஆர்.ஓ.வில் முதல் ஸ்டேஜில் பிரஷர் வித்தியாசம் ஏறினால் என்ன நினைப்பீர்கள், கடைசி ஸ்டேஜில் ஏறினால் என்ன நினைப்பீர்கள்?" ஓட்டியவர் யோசிக்காமல் சொல்வார். முதலில் ஏறினால் பெரும்பாலும் அழுக்கு அல்லது பாசி மாதிரி உயிர்ப் படிவு, முன்னால் இருக்கும் ஃபில்டரையும் பயாலஜிக்கலையும் பார்க்க வேண்டும். கடைசியில் ஏறினால் உப்புப் படிவு, அங்கேதான் தண்ணீர் கெட்டியாகிறது. முன்னதற்குக் காரம் போட்டுக் கழுவுவார்கள், பின்னதற்கு ஆசிட். "மெம்பரேன் மாத்திடுவோம்" என்று உடனே சொல்கிறவரை இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். வேறு யாரையாவது பார்க்கும்போது சந்தேகம் வந்தாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் எப்போதும் எடுப்பேன். பகலில் பம்ப் ஹவுஸ் சத்தத்தில் போன் கேட்காது, வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் பார்த்ததும் கூப்பிடுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை, அடுத்த வருடம் ஆடி வரை வேறு வேலை பார்க்கும் எண்ணம் இல்லை. அதற்கு அப்புறம் காங்கேயத்திலிருந்து தினம் போய் வரும் தூரத்தில், அதாவது பெருந்துறை, ஈரோடு, கரூர் பக்கம், பிளான்ட் முழுப் பொறுப்பு என்று ஏதாவது வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். அப்பாவின் இரண்டாவது காலும் தேறிவிட்டால் வெளியூர் என்றாலும் யோசிப்பேன். சேல்ஸ் வேலை மட்டும் வேண்டாம், அது எனக்கு வராது. பொங்கலுக்கு அப்புறம் கோயம்புத்தூர் வரும் வேலை இருக்கிறது. அப்போது உங்கள் ஆபீசுக்கு வந்து பார்க்கிறேன், இந்த முறை டீ என் செலவு.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடாமல் மறுத்ததாகத் தனியாக மெயில் ஏதும் அனுப்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள், இன்றே அனுப்பிவிடுகிறேன்.

நன்றிங்க மேடம்.

அன்புடன்,
சிவக்குமார்
காங்கேயம்