தானியங்கி ரீபேலன்சிங் ஏன் நின்றது, உங்கள் கணக்கில் என்ன நடந்தது

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை 10:47-க்கு, உங்கள் போர்ட்ஃபோலியோவைச் சரிக்கட்டும் தானியங்கி ரீபேலன்சிங் நின்றுவிட்டது. இன்று புதன் மாலை வரை அதை நாங்கள் மறுபடி ஓடவிடவில்லை. உங்கள் பங்குகளும் கடன்பத்திரங்களும் பணமும் உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கின்றன, நீங்கள் இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்தக் கடிதம் நேற்றே வந்திருக்க வேண்டும். எந்தெந்தக் கணக்குகள் பாதியில் நின்றன என்று உறுதியான பிறகு எழுதலாம் என்று காத்திருந்தோம், அது தவறு. மன்னிக்கவும்.

நடந்தது இதுதான். சந்தை விலைகளை எங்களுக்கு அனுப்பும் டேட்டா ஃபீட் 10:42-க்கு உறைந்துபோனது. இணைப்பு அறுந்திருந்தால் அந்த நொடியே தெரிந்திருக்கும். ஆனால் இணைப்பு உயிரோடுதான் இருந்தது, விலைகளும் வந்துகொண்டிருந்தன, எல்லாமே 10:42-இன் பழைய விலைகள். ஒரு விலையின் நேரக்குறி 5 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் எந்த ஆர்டரும் போடாதே என்று எங்கள் நிரலில் ஒரு விதி உண்டு, அதுதான் 10:47-க்கு எல்லாவற்றையும் நிறுத்தியது.

பழைய விலையில் ஓடியிருந்தால் என்ன ஆகும்? உங்கள் இலக்கு 60 சதவீதம் பங்கு, 40 சதவீதம் கடன்பத்திரம் என்று வையுங்கள். பங்கு 5 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால்தான் நாங்கள் கை வைப்போம். உறைந்த விலைப்படி உங்கள் பங்கு 66-இல் நிற்கிறது, நிஜத்தில் சந்தை இறங்கி அது 61-க்கு வந்துவிட்டது என்றால், தேவையே இல்லாத விற்பனை நடந்திருக்கும், அதற்குக் கமிஷனும், லாபத்தில் இருந்த பங்கென்றால் வரியும் சேர்ந்திருக்கும். ஒரு சில நாள் ரீபேலன்சிங் தள்ளிப்போவதால் வரும் விலகல் பெரும்பாலும் சிறியது. தவறான விற்பனையை அப்படித் திரும்பப் பெற முடியாது.

சரி, இன்னொரு நிறுவனத்தின் ஃபீடுக்கு உடனே மாறியிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நேற்று அதைத்தான் முதலில் முயன்றோம். ஆனால் இரண்டு ஃபீடுகளும் பங்குப் பிரிப்பை ஒரே மாதிரி கையாள்வதில்லை. ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்த அன்று விலை பாதியாகத் தெரியும், எண்ணிக்கை இரட்டிப்பாகும். விலை ஓரிடத்திலும் எண்ணிக்கை வேறிடத்திலும் இருந்து வந்து, விலையில் மட்டும் பிரிப்பு பதிவாகி எண்ணிக்கையில் பதிவாகாமல் இருந்தால், உங்கள் பங்கு பாதி மதிப்பை இழந்துவிட்டதாக நிரல் நினைத்து வாங்கத் தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பங்கையும் இரண்டு ஃபீடுகளின் முந்தைய நாள் இறுதி விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதில் அவசரப்பட எங்களுக்கு மனமில்லை.

இப்போது முக்கியமான விஷயம். 37 கணக்குகளில் விற்பனை முடிந்து, வாங்கும் ஆர்டர் போகும் முன் எல்லாம் நின்றுவிட்டது. அவர்களின் பணம் முதலீடாகாமல் கணக்கிலேயே கிடக்கிறது. அதில் 4 கணக்குகளின் விற்பனை அந்த 5 நிமிடத்துக்குள்ளேயே நடந்தது: விற்றது அந்த நேரத்துச் சந்தை விலைக்குத்தான், ஆனால் எத்தனை பங்கு விற்பது என்ற கணக்கு மட்டும் பழைய விலையில் போடப்பட்டது. இந்த 37 பேருக்கும் இன்று தனித்தனியாகத் தொலைபேசியில் பேசிவிட்டோம். உங்களுக்கு அழைப்பு வரவில்லை என்றால் உங்கள் கணக்கில் செவ்வாயன்று எந்த ஆர்டரும் பாதியில் நிற்கவில்லை. காத்திருந்த நேரத்தில் விலை ஏறி அவர்களுக்கு இழப்பு வந்தால், வித்தியாசத்தை நாங்கள் கொடுப்போம். விலை இறங்கி லாபமானால் அது அவர்களுடையது. 4 கணக்குகளில் கூடுதலாக விற்றதற்கு வரி வந்தால் அதையும் நாங்களே ஏற்கிறோம்.

செவ்வாய் காலை உங்கள் திரையில் தெரிந்த மொத்த மதிப்பும் சில மணி நேரம் பழையதாகத்தான் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. பணம் எடுக்கக் கேட்டவர்களுக்கு எங்கள் ஆட்களே கையால் ஆர்டர் போட்டு அனுப்புகிறார்கள், வழக்கத்தைவிட ஒரு நாள் தாமதமாகலாம். அவசரமென்றால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

ஒப்பீடு சரியாக முடிந்தால் வெள்ளி காலை மறுபடி தொடங்குவோம். முதல் நாள் ஒவ்வொரு ஆர்டரையும் ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது சந்தைக்குப் போகும். அப்புறம், நேரக்குறி விதியை 5 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைக்கிறோம். அந்த 4 கணக்குகளை நினைத்தால், இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

இதைச் சாக்காக வைத்து யாராவது கூப்பிட்டு ஓடிபி, கடவுச்சொல் கேட்டால் கொடுக்காதீர்கள். நாங்கள் கேட்க மாட்டோம். தொடங்கியதும் உங்களுக்கு மறுபடி எழுதுகிறோம்.

அன்புடன்,
உங்கள் போர்ட்ஃபோலியோவைக் கவனிக்கும் குழு