தலைப்பு: மெர்ச்சண்டைசர் பணி – ஆகஸ்ட் 13 நேர்காணல் தொடர்பாக

வணக்கம் மேடம்,

திருப்பூர் அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர் பணிக்காக ஆகஸ்ட் 6, 13 தேதிகளில் நேர்காணலுக்கு வந்திருந்தேன். 22ஆம் தேதி ஒரு மெயில் அனுப்பினேன். வேலை மும்முரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பதால் அதே தொடரில் இதை எழுதுகிறேன்.

இந்தப் பணியில் எனக்கு இன்னும் அதே ஆர்வம் இருக்கிறது. முடிவு நிலுவையில் இருந்தால் "இன்னும் ஆகவில்லை" என்று ஒரு வரி போதும். வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், அதுவும் எனக்கு உதவிதான்.

இரண்டாம் சுற்றில் கொடுத்த காஸ்டிங் ஷீட்டில் ஒரு திருத்தம். 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சிக்குப் பிராசஸ் லாஸ் 5% போட்டிருந்தேன். பயோ வாஷ் உண்டு என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. 8% வைத்திருக்க வேண்டும். 1000 கிலோவுக்கு 30 கிலோ துணி குறைகிறது, பீஸ் விலை அதற்கேற்ப ஏறுகிறது. சரிசெய்த ஷீட்டை இணைத்திருக்கிறேன். புரொடக்‌ஷன் மேலாளரிடம் சேர்த்தால் நன்றி.

என் நோட்டீஸ் காலம் 30 நாள்தான், மாற்றமில்லை. சம்பளச் சீட்டோ வேறு ஆவணமோ தேவையென்றால் அன்றே அனுப்புகிறேன். நான் போன் செய்து தொந்தரவு தர மாட்டேன். நீங்கள் அழைப்பதாக இருந்தால் மாலை 6 மணிக்குமேல் தாராளமாகப் பேசலாம்.

இரண்டு நாளும் பொறுமையாகப் பேசியதற்கு நன்றி.

அன்புடன்,
சரவணன்
செப்டம்பர் 3