தரப் பரிசோதனை உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஜெ. ஷைனி,
குலசேகரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தேன் பதப்படுத்தும் நிலையம்,
மார்த்தாண்டம்.

நாள்: 10.11.2025

பொருள்: தரப் பரிசோதனை உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் இம்மாதம் ஒட்டப்பட்டிருந்த விளம்பரத்தைப் படித்து இந்த விண்ணப்பத்தை அனுப்புகிறேன். தாங்கள் முதலில் அறிய வேண்டியதை முதலிலேயே தெரிவித்து விடுகிறேன்.

விளம்பரத்தில் கேட்டிருந்த ஆறு தகுதிகளில் வேதியியல் பட்டம், இரண்டு ஆண்டு ஆய்வக அனுபவம், தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிதல், கணினியில் பதிவேடு பராமரித்தல், இருசக்கர வாகன உரிமம் ஆகிய ஐந்தும் எனக்கு உள்ளன. உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் ஓராண்டு பணியாற்றிய அனுபவம் மட்டும் இல்லை. இருப்பினும், மூன்று ஆண்டுகளாக ரப்பர் பால் பரிசோதனையில் நான் பழகிய கவனமும் முறையும் தேனுக்கும் உதவும் என்றும், விடுபட்டதைத் தேன் காலம் தொடங்கும் முன் கற்றுக்கொள்ள முடியும் என்றும் நம்பி விண்ணப்பிக்கிறேன்.

இந்த நம்பிக்கைக்கான அடிப்படையைத் தாங்களே எடைபோட்டுப் பார்க்கும் வகையில் என் இப்போதைய வேலையைச் சற்று விளக்க விரும்புகிறேன். ரப்பர் பால் கொள்முதல் நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில், விவசாயிகள் கொண்டுவரும் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுவது என் பொறுப்பு. மாதிரியை எடைபோட்டு, அமிலம் சேர்த்து உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்திக் கழுவி, 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி, மீண்டும் எடைபோடுகிறேன். ஒவ்வொரு பாலுக்கும் இரண்டு மாதிரிகள் வைப்பது வழக்கம். இரண்டு முடிவுகளும் ஒத்துவராவிட்டால், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும், முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு சதவீதம் குறைத்து எழுதினால் அது அதிகாலையில் எழுந்து பால் வெட்டியவரின் கூலியில் குறையும் என்பதால், அந்த எண்ணை ஒருபோதும் உத்தேசமாக எழுதியதில்லை.

தேனில் ஈரப்பதம் பார்ப்பதும் இதே போன்ற பொறுப்பு என்றே கருதுகிறேன். உணவுப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக 20 சதவீதத்தை மேல்வரம்பாக வைத்திருக்க, அடை முழுவதும் மூடப்படும் முன்பே எடுத்த தேன் அந்த வரம்பைத் தாண்டி, சில வாரங்களில் நுரைத்துப் புளித்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டரைக் கல்லூரி ஆய்வகத்தில் கையாண்டிருக்கிறேன். கண்ணாடிப் பரப்பில் ஒரு துளி வைத்து அளவைப் படிப்பது எளிது, ஆனால் அறையின் வெப்பநிலைக்கேற்ப அதைத் திருத்தாமல் எழுதினால் முடிவு பிழையாகும் என்பதையும் அறிவேன். எச்.எம்.எஃப். பரிசோதனையை நான் நேரில் செய்ததில்லை. தேனை அளவுக்கு மீறிச் சூடாக்கினாலோ நெடுநாள் வைத்திருந்தாலோ அந்த அளவு உயரும் என்பதைப் படித்திருக்கிறேனே தவிர, செய்முறையைத் தங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவரின் அருகில் நின்றுதான் கற்க வேண்டியிருக்கும்.

தேனீ வளர்ப்பு எனக்குப் புதிதன்று. விளம்பரத்தில் அது கேட்கப்படவில்லை என்றாலும், மாதிரி எடுக்கத் தோட்டங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும் என்று குறிப்பிட்டிருந்ததால் சொல்கிறேன். என் தந்தை ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டிகள் வைத்திருக்கிறார். இலையுதிர்ந்து தளிர் விடும் காலத்தில் சட்டங்களை எடுத்துப் பார்ப்பதும், தேன் எடுக்கும் இயந்திரத்தைச் சுற்றுவதும் எங்கள் வீட்டு வேலைகள்தான். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அந்தப் பெயரில் வெளியே போகும் ஒவ்வொரு புட்டியும் சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை தேனீ வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த எனக்கு மிகுதியாகவே உண்டு.

கேட்ட அனுபவம் முழுமையாக உள்ளவர் கிடைத்தால் அவருக்கே முன்னுரிமை தருவது முறை. அதே நேரத்தில், விடுபட்ட ஒன்றைக் காரணமாக வைத்து நேர்காணலுக்கு முன்பே என் விண்ணப்பத்தை விலக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் விரும்பினால், முடிவு தெரிந்த தேன் மாதிரி ஒன்றை என்னிடம் கொடுத்து, ஈரப்பதத்தை அளக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேர்வு செய்யப்பட்டால் டிசம்பர் 1 முதல் பணியில் சேர இயலும். ஜனவரியில் தேன் வரத்து தொடங்கும் முன் பயிற்சிக்கு ஒரு மாதம் கிடைக்கும். பட்டச் சான்றிதழ், பணி அனுபவச் சான்று, வாகன உரிமம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெ. ஷைனி