எஸ்.எஸ்.பி. நேர்காணல்: பாளையங்கோட்டை மாணவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் என்.சி.சி. மாணவர்கள் முப்பது பேரோடு, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நேரம் போதவில்லை. மீதிக் கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கி வந்தேன். அவற்றுக்கான பதில்கள் இவை. நான் 2004, 2005 ஆண்டுகளில் பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு வழியாக மூன்று முறை எஸ்.எஸ்.பி. போனவன். முதல் முறை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது முறை ஐந்து நாளும் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். மூன்றாவது முறை தேர்வானேன். சென்னையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து 14 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தேன்.

சார், ஐந்து நாளும் என்னதான் செய்வார்கள்?

முதல் நாள் ஸ்கிரீனிங். அதில் தங்கினால் இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. அடுத்த இரண்டு நாளும் மைதானத்தில், குழுச் சோதனை அதிகாரியான ஜி.டி.ஓ. நடத்தும் சோதனைகள். இதற்கிடையே ஒரு நாள் தனி நேர்காணல் வரும். கடைசி நாள் கான்ஃபரன்ஸ், அன்றே முடிவு.

உங்களை மதிப்பிடுவது மூன்று பேர்: உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, ஜி.டி.ஓ. இவர்களில் ஒருவர் என்ன மதிப்பெண் போட்டார் என்பது கடைசி நாள் வரை மற்றவருக்குத் தெரியாது. மனம், மொழி, மெய் என்று நம்மவர்கள் சொல்வதை அங்கே ஆளுக்கொன்றாகப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒருவராகவும், பேசும்போது இன்னொருவராகவும், கயிற்றைப் பிடிக்கும்போது மூன்றாவது ஆளாகவும் இருந்தால் அது கான்ஃபரன்ஸ் மேசையில் வெளியே வந்துவிடும். நான் இரண்டாவது முறை தோற்றது அதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

முதல் நாளே பாதிப் பேருக்கு மேல் அனுப்பிவிடுவார்கள் என்கிறார்களே?

பல நேரம் அப்படித்தான். காலையில் புத்திக்கூர்மைத் தேர்வு. சொல் சார்ந்ததும் உருவம் சார்ந்ததுமாக இரண்டு தாள்கள். பயிற்சி செய்தால் வந்துவிடும். கவலைப்பட வேண்டியது அடுத்து வரும் பி.பி.டி.டி.க்குத்தான்.

மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். எத்தனை பேர் தெரிகிறார்கள், ஆணா பெண்ணா, வயது என்ன, என்ன மனநிலை என்று ஒரு நிமிடத்தில் குறிக்க வேண்டும். அப்புறம் 4 நிமிடத்தில் கதை. பிறகு பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம் கதையைச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுக்கதைக்கு வர வேண்டும்.

கடைசியில் சொன்ன அந்த இடம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். 2004-ல் என் குழுவில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பெங்களூருக்கு முதல் தடவை வந்தவன் நான். வாயைத் திறந்தேன், குரலே எழும்பவில்லை. பிளேசரைச் சரிசெய்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். மாலையில் தங்கியவர்களின் செஸ்ட் நம்பரை வாசித்தார்கள். என்னுடையது இல்லை.

மூன்றாவது முறையும் அதே கூச்சல்தான். எனக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் மூன்று தடவை பேச ஆரம்பித்து மூன்று தடவையும் அமுங்கிப்போனான். சத்தம் கொஞ்சம் தணிந்த நொடியில், “இவர் வயலும் பம்புசெட்டும் என்று ஏதோ சொல்ல வருகிறார், கேட்போம்” என்றேன். அவன் சொன்னான். அது என் கதையோடும் ஒத்துப்போனது. இரண்டையும் சேர்த்து இரண்டு வாக்கியத்தில் நான் சொன்னேன். மொத்தத்தில் நான் பேசியது மூன்று முறை இருக்கும். இரண்டு பேருமே தங்கினோம். மற்றவர்களை விடக் கூடுதல் சத்தம் போடத் தேவையில்லை. ஆனால் ஒரு முறையாவது உங்கள் பேச்சு குழுவை ஓரடி நகர்த்தியிருக்க வேண்டும்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். போகலாமா?

தாளில் பதினோரு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். நானும் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன்தான்.

அங்கே யாரும் உங்கள் இலக்கணத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. நினைத்ததை அடுத்தவருக்குப் புரிய வைக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. ஆனால், “ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை” என்று சும்மா ஆறுதல் சொல்ல மாட்டேன். 4 நிமிடத்தில் கதை எழுதும்போது வார்த்தைக்காகத் தேடினால் கதை போய்விடும். ஆறு மாதம், தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு நண்பரோடு அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். சின்ன வாக்கியம் போதும். மைதானத்தில் இந்தியும் காதில் விழும். புரியாவிட்டால் தயங்காமல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். கேட்பது குறையே இல்லை.

உளவியல் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

நான்கு பகுதி. டி.ஏ.டி.: 11 படங்கள், கடைசியில் வெற்றுத் திரை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடத்தில் கதை. டபிள்யூ.ஏ.டி.: 60 சொற்கள், சொல்லுக்கு 15 விநாடி, மனதில் வருவதை வாக்கியமாக எழுத வேண்டும். எஸ்.ஆர்.டி.: 60 சூழ்நிலைகள், 30 நிமிடம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சுருக்கமாக எழுத வேண்டும். கடைசியாக, உங்களைப் பற்றி அப்பா அம்மா, ஆசிரியர், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீங்களே என்ன நினைக்கிறீர்கள் என்று 15 நிமிடத்தில் எழுத வேண்டும்.

இரண்டாவது முறை போகும்போது நூறு சொற்களுக்கு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ‘தோல்வி’ என்று வந்தால் ‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’. என் கதைகளில் எல்லாம் நாயகன் விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றினான், ரத்ததானம் செய்தான், கிராமத்துக்குச் சாலை போட்டான். ஆண்டுக் கணக்கில் விடைத்தாள் படிக்கிற உளவியலாளருக்கு இவை எத்தனையாவது தடவை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளில் நான் எங்குமே இல்லை.

மூன்றாவது முறை ஒரு படத்தில் இளைஞன் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்த அண்ணன் ஞாபகம் வந்தார். மோட்டார் எரிந்துபோய், கடன் வாங்காமல், இரண்டு மாதம் வேறு மில்லில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து மறுபடி ஓட்டினார். அதையே எழுதினேன். கதை வீரமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சிக்கல், அதற்கு அந்த ஆள் கையிலிருந்ததை வைத்து என்ன செய்தான், என்ன ஆயிற்று. அவ்வளவுதான்.

ஜி.டி.ஓ. மைதானத்தில் உடம்பு பலம்தான் முக்கியமா?

இல்லை. ஓடிப் பழகியிருந்தால் போதும்.

இரண்டு குழு விவாதம், வரைபடத்தை வைத்துத் திட்டமிடும் பயிற்சி, லெக்சரெட், பிறகு வெளியே தடைகள். லெக்சரெட்டில் ஒரு அட்டையில் நான்கு தலைப்பு இருக்கும். ஒன்றை எடுத்து 3 நிமிடம் யோசித்து 3 நிமிடம் பேச வேண்டும். தனிநபர் தடைகள் பத்து. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். எல்லாமே 3 நிமிடத்துக்குள். எதை முதலில் செய்வது என்று நடந்து பார்க்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பி.ஜி.டி. என்கிற குழுப் பணியில்தான் ஆள் யார் என்பது தெரியும். மரக்கழி, பலகை, கயிறு கொடுப்பார்கள். கழியைப் ‘பல்லி’ என்றும் பலகையைப் ‘பட்டா’ என்றும் கூப்பிடுவார்கள், குழம்பாதீர்கள். தரையைத் தொடாமல், தடை செய்த நிறத்தைத் தொடாமல், சுமையோடு குழு முழுவதும் அக்கரை சேர வேண்டும். இங்கே பலர் செய்கிற தவறு, யோசனையை மட்டும் கத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பலகையின் மறுமுனையை அழுத்திப் பிடித்து நிற்பவரையும் ஜி.டி.ஓ. குறித்துக்கொண்டுதான் இருக்கிறார். கமாண்ட் டாஸ்க்கில் நீங்களே தலைவர், துணைக்கு ஆட்களை நீங்களே கூப்பிடலாம். பலசாலியைத் தேடாமல், அதுவரை சொன்னதைக் காதில் வாங்கியவரைக் கூப்பிடுங்கள்.

நேர்காணலில் பொது அறிவு நிறையக் கேட்பார்களா?

கொஞ்சம் கேட்பார்கள். ஆனால் பெரும்பகுதி நீங்கள் உங்களைப் பற்றி நிரப்பிய பி.ஐ.க்யூ. படிவத்திலிருந்துதான் வரும். ஒரே மூச்சில் பத்துக் கேள்வி அடுக்குவார்கள்: ஒன்பதாம் வகுப்பு முதல் மதிப்பெண்கள், பிடித்த ஆசிரியர், ஏன், பிடிக்காதவர், ஏன், நண்பர்கள், அவர்களிடம் பிடிக்காதது என்று. வரிசையாகச் சொல்லிக்கொண்டே போங்கள். ஏதாவது மறந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொழுதுபோக்கு என்று நான் நீச்சல் எழுதியிருந்தேன். எங்கே நீந்துவாய் என்றார் நேர்காணல் அதிகாரி. தாமிரபரணியில், குறுக்குத்துறையில் என்றேன். அங்கே என்ன விசேஷம்? ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது, வெள்ளம் வந்தால் மூழ்கும். மூழ்கும் கோயில் எப்படி நிற்கிறது? முன்புறம் படகு மூக்கு மாதிரி கட்டியிருப்பதால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போய்விடும், வெள்ளத்துக்கு முன் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றேன். ’92 வெள்ளத்தைச் சின்ன வயதில் பார்த்தேன் என்றும் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பத்து நிமிடம் ஆற்றைப் பற்றியே போனது. பிறகு ஒரு ஏவுகணையைப் பற்றிக் கேட்டதற்கு “தெரியாது சார்” என்றேன். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பெண்களுக்குத் தனிச் சோதனையா? வீட்டில் தயங்குகிறார்கள்.

சோதனைகள் அவையேதான். தங்குமிடம் தனி. சென்னை ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2021 நவம்பர் தேர்விலிருந்து, பள்ளிப்படிப்பு முடித்ததும் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வும் திறந்துவிட்டது. தயங்கும் அப்பாவையோ அம்மாவையோ என்னிடம் அழைத்து வாருங்கள் அம்மா, நானே பேசுகிறேன்.

கான்ஃபரன்ஸில் என்ன நடக்கும்? தேர்வானால் வேலை உறுதியா?

வாரியத்தின் அதிகாரிகள் எல்லோரும் சீருடையில் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு எப்படி, நண்பர்கள் கிடைத்தார்களா என்று ஒன்றிரண்டு நிமிடம் கேட்பார்கள். விளிம்பில் இருப்பவரிடம் கூடுதலாக ஏதாவது கேட்கலாம். அப்புறம் முடிவை அறிவிப்பார்கள். தேர்வானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. அதன் பிறகு தகுதிப் பட்டியல். என்.டி.ஏ.வுக்கு எழுத்துத் தேர்வு 900, எஸ்.எஸ்.பி. 900. பட்டியலில் இடம் வந்தால்தான் உறுதி.

கிளம்பும் முன் எதை மறக்கக்கூடாது?

அசல் சான்றிதழ்கள், அழைப்புக் கடிதத்தில் கேட்ட அளவில் புகைப்படங்கள், வெள்ளை டி-ஷர்ட், வெள்ளை ஷூ. ஷூவை முன்கூட்டியே வாங்கிப் போட்டுப் பழகுங்கள். புது ஷூ கடித்த காலோடு பத்துத் தடை தாண்ட முடியாது. என்.டி.ஏ., சி.டி.எஸ். போன்ற ஒரு பிரிவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் மூன்றடுக்கு ஏ.சி. வரை திருப்பிக் கொடுப்பார்கள், டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். திரும்பி வர டிக்கெட்டை ஐந்தாம் நாள் இரவுக்கே போடுங்கள். நான் முதல் முறை, எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாள் இரவுக்கும் ஒன்று போட்டு வைத்திருந்தேன். விவாதம் நடந்துகொண்டிருந்தபோது என் சட்டைப்பையில் இருந்தது அந்த டிக்கெட்தான்.