ஏற்று விளக்கை ஏற்று

திருக்கார்த்திகைக்குக் குடும்பத்தோடு பாடும் கும்மிப் பாட்டு

இதை உட்கார்ந்த இடத்தில் பாட வேண்டாம். மதியம் அகல் கழுவத் தொடங்கும்போது எடுத்து, ராத்திரி பொரி கைக்கு வரும்வரை வேலையோடு வேலையாகப் பாடிக்கொண்டே போகலாம். கும்மி மெட்டு, வரிக்கு நாலு தட்டு. தாத்தாவின் குரலுக்கு எது சௌகரியமோ அதுதான் சுருதி, பிள்ளைகள் அதற்கு மேலே கத்திக்கொள்வார்கள். பாட்டி மெதுவாகத் தொடங்கினால் மெதுவாகவே போகட்டும். பல்லவி எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் திரும்பப் பல்லவிக்கு வர வேண்டும்.

பல்லவி
(எல்லாரும்)

ஏற்று விளக்கை ஏற்று – வீட்டில்
எல்லாரும் கூடி ஏற்று!
காற்று வந்து நின்றால் – உன்
கையால் மறைத்துக் காட்டு!
தீபம் தீபம் கார்த்திகைத் தீபம்
திண்ணை முழுக்கத் தீபம்!
தீபம் தீபம் கார்த்திகைத் தீபம்
தெருவு முழுக்கத் தீபம்!

அகல் கழுவும்போது
(சித்தி எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் திருப்பிப் பாடலாம்)

பரணில் இருந்த அகலை எல்லாம்
பாட்டி இறக்கச் சொன்னாங்க
பழைய எண்ணெய்ப் பிசுக்குப் போகச்
சாம்பல் தேய்க்கச் சொன்னாங்க

புதுசாய் வாங்கி வந்த அகலைத்
தண்ணிக் குள்ளே போட்டாச்சு
பொட்டுப் பொட்டாய்க் குமிழி விட்டுப்
பொறுமையாகக் குடிச்சாச்சு

தண்ணி குடிச்ச அகலு அப்புறம்
எண்ணெயைக் குடிச்சுத் தீர்க்காது
தாத்தா சொன்ன சங்கதி இது
தப்பி ஒருநாளும் போகாது

வெயிலில் கவிழ்த்துக் காய வைப்போம்
வரிசை வரிசையாய் முற்றத்திலே
எண்ணிப் பார்த்துத் தப்பாய்ச் சொன்னால்
இன்னொரு தரம் எண்ணணுமே!

திரி உருட்டும்போது
(தாத்தா பாடும் பகுதி. நிதானமாக, வார்த்தை ஒவ்வொன்றும் கடைக்குட்டிக்கும் கேட்கட்டும்.)

நான் கட்டின பழைய வேட்டி
நைந்து மெத்தென் றாயிடுச்சு
நாலு விரலு அகலம் கிழிச்சு
நறுக்கி வைக்க நேரமாச்சு

உள்ளங் கையில் வைச்சு உருட்டு
ஒரு பக்கமாய் முறுக்கிடு
ஈரக் கையால் தொட்டு விட்டால்
எரியும் போது சடசடக்கும்

எண்ணெய் முழுக்கத் தோய்ச்சு எடுத்து
எல்லாத் திரியும் படுக்க வை
மூக்கு மட்டும் வெளியே நீட்டு
முழுசும் நீட்டினால் புகை அடிக்கும்!

எண்ணெய் ஊற்றும்போது
(கேள்வி பிள்ளைகளுக்கு, பதில் பெரியவர்களுக்கு. பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்கும் பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். அதைத் தடுக்க வேண்டாம், பாட்டு இன்னும் களைகட்டும்.)

பிள்ளைகள்: என்ன எண்ணெய் ஊற்றப் போறோம்?
பெரியவர்கள்: எள்ளில் ஆட்டின நல்லெண்ணெய்!

பிள்ளைகள்: எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேணும்?
பெரியவர்கள்: முக்கால் அகலு போதும் கண்ணு!

பிள்ளைகள்: ததும்பத் ததும்ப ஊற்றினால் என்ன?
பெரியவர்கள்: தரையில் கோலம் நனைஞ்சு போகும்!

பிள்ளைகள்: முதல் விளக்கை யாரு ஏற்ற?
பெரியவர்கள்: பாட்டி கையால் முதல் விளக்கு!

பிள்ளைகள்: எங்க முறை எப்போ வரும்?
பெரியவர்கள்: அடுத்த விளக்கே கடைக்குட்டிக்கு!

(எல்லாரும் பல்லவி)

கோலம் போடும்போது
(அத்தைகளுக்கு)

வாசல் தெளிச்சுப் பெருக்கியாச்சு
மாவும் கரைச்சு வைச்சாச்சு
வளைச்சு வளைச்சுக் கோலம் போட்டுக்
காவி விளிம்பும் கட்டியாச்சு

புள்ளி ஒவ்வொன்றும் ஒரு அகலுக்கு
இடமாய் இருக்கும் பாருங்கடி
தாண்டித் தாண்டி வாருங்க கண்ணு
தேய்க்காமல் காலை வையுங்கடி

சின்னதாய் ஒரு ஓரம் விட்டேன்
சின்னக் கைக்குத் தானே அது
கோணல் மாணல் ஆனால் என்ன
கோலம் கோலம் தானே அது!

மலையைப் பார்த்துக் காத்திருக்கும்போது
(எங்கள் மொட்டை மாடியிலிருந்து திருவண்ணாமலை தெரியும். 2,668 அடி உயர மலையின் உச்சியில், கொப்பரையில் நெய் ஊற்றி, சாயங்காலம் 6 மணிக்கு மகாதீபம் ஏற்றுவார்கள். அது தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. அதனால் இந்த இடத்தில் மட்டும் கைத்தட்டல் இல்லை. பிள்ளைகள் மலையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் பாடுவார்கள். மலை தெரியாத ஊர்க்காரர்கள் வானத்தில் நிலாவைப் பார்த்தபடி பாடலாம்.)

விடியும் முன்னே பரணி தீபம்
கோயிலுக் குள்ளே ஏற்றியாச்சு
முழு நிலாவும் எழுந்து வந்து
மாடிக்கு மேலே பார்த்தாச்சு

ஆறு மீனும் கூடி நிற்கும்
அந்த நிலாவின் பக்கத்திலே
ஆறு மணிக்குக் காத்து நிற்போம்
அப்பா தோளின் உச்சியிலே

அங்கே பாரு அங்கே பாரு
அண்ணா மலையில் வெளிச்சம் பார்!
சின்னப் பொட்டாய்த் தெரியுது பார்
சிவந்து சிவந்து வளருது பார்!

(இப்போது அத்தனை பேரும் குரலை விட்டு)

அண்ணாமலையாருக்கு – அரோகரா!
அப்பாவும் சொல்லு – அரோகரா!
பாட்டியும் சொல்லு – அரோகரா!
பக்கத்து மாடியும் – அரோகரா!

முதல் விளக்கு
(பாட்டி தனியாக. குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்றி முடிக்கும்வரை மற்றவர்கள் சத்தம் போடாமல் நிற்கட்டும். பாட்டிக்கு மூச்சு வாங்கினால் மூத்த பேத்தி கூடச் சேர்ந்து பாடலாம்.)

என் மாமியார் ஏற்றிய விளக்கு
என் கையில் தந்த குத்துவிளக்கு
புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சுப்
பொன்னாய்ப் பளிச்சிடும் நம்ம விளக்கு

ஐந்து முகமும் ஏற்றி வைச்சேன்
ஐயா குடும்பம் நல்லா இருக்கணும்
அடுப்பு தினமும் எரிய வேணும்
ஆளுக் கொருவாய் சிரிக்க வேணும்

இந்தச் சுடரில் எடுத்துக்கோடா
இந்தா உன்னோட அகல் திரி
பாவாடை ஓரம் பத்திரம் அம்மா
பாட்டி கையைப் பிடிச்சபடி!

(எல்லாரும் பல்லவி. இங்கிருந்து வேகம் கூடும்.)

விளக்கு வைக்கும்போது
(ஓட்டமும் பாட்டுமாக. மாமா ஒரு வரி, மற்றவர்கள் ஒரு வரி.)

வாசல் படிக்கு ரெண்டு விளக்கு!
– வைச்சாச்சு வைச்சாச்சு!
திண்ணை மேலே நாலு விளக்கு!
– வைச்சாச்சு வைச்சாச்சு!
மாடக் குழிக்கு ஒரு விளக்கு!
– வைச்சாச்சு வைச்சாச்சு!
துளசி மாடம் இருட்டா இருக்கு!
– போயாச்சு போயாச்சு!
கிணற்றடிக்கு யாரு வருவா?
– அண்ணன் வந்தாச்சு!
தொழுவத்துப் பக்கம் லட்சுமிப் பசு
– தலையை ஆட்டியாச்சு!
வைக்கோல் அருகே வைக்கா தீங்க!
– தள்ளி வைச்சாச்சு!

(அடுத்த மூன்று பாடல் அம்மாவுக்கு. கொஞ்சம் மெதுவாக.)

பக்கத்து வீடு பூட்டி இருக்கு
பட்டணம் போயி வருஷமாச்சு
பூட்டின வாசல் இருட்டாய் நின்றால்
தெருவில் பாதி இருட்டாச்சு

ரெண்டு அகலை எடுத்து வாங்க
அந்தப் படியிலும் வைப்போமே
படம் பிடிச்சு அனுப்பி விட்டு
"உங்க வாசல்" எனச் சொல்வோமே

சிங்கப்பூரில் சித்தப்பாவும்
செல்போன் திரையில் வந்தாச்சு
இங்கே நமக்கு ஆறு மணின்னா
அங்கே எட்டரை ஆயாச்சு!

பிள்ளைகள்: சித்தப்பா சித்தப்பா, தெரியுதா?
(திரையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கவும்)
பிள்ளைகள்: சேர்ந்து பாடுங்க சித்தப்பா!

(எல்லாரும் பல்லவி)

எண்ணும் பாட்டு
(பேசத் தொடங்கிய குழந்தைகளுக்காக. பாப்பாவின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே பாடணும். இந்தப் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் பாடலாம்.)

ஒண்ணு விளக்கு உம்மாச்சிக்கு
ரெண்டு விளக்கு வாசலுக்கு
மூணு விளக்கு மாடத்துக்கு
நாலு விளக்கு திண்ணைக்கு
அஞ்சு விளக்கு பசுவுக்கு
ஆறு விளக்கு முருகனுக்கு
ஏழு விளக்கு கிணற்றுக்கு
எட்டு விளக்கு கொல்லைக்கு
ஒம்பது விளக்கு தெருவுக்கு
பத்தாம் விளக்கு யாருக்கு?

(பாப்பா தன்னைக் காட்டினால் எல்லாரும் கைதட்டணும்)

பத்தாம் விளக்கு பாப்பாவுக்கு
பாப்பா கன்னம் பளபளப்பு!

மாவளி சுற்றும்போது
(வீதியில் இடம் பார்த்து, சின்னப் பிள்ளைகளைத் திண்ணையில் ஏற்றிவிட்டுத் தொடங்கவும். சுற்றுகிறவர் பாட வேண்டாம், சுற்றினால் போதும்.)

பனம்பூ சுட்டுக் கரியாக்கிப்
பக்குவமாகப் பொடியாக்கித்
துணியில் சுருட்டி மட்டைக் குள்ளே
இறுகக் கட்டித் தந்தார் மாமா

நுனியில் நெருப்பு பிடிச்சாச்சு
நீளக் கயிறு கட்டியாச்சு
தள்ளி நில்லு தள்ளி நில்லு
தலைக்கு மேலே சுற்றியாச்சு!

மாவளியோ – மாவளி!
மாமா சுற்றும் – மாவளி!
பூப்பூவாகக் – கொட்டுது!
பொறி பறக்குது – மாவளி!
அண்ணன் சுற்ற – மாவளி!
அத்தையும் சுற்ற – மாவளி!
அம்மாவா அது? – மாவளி!
அடேங்கப்பா – மாவளி!

கோயில் வாசல் பனை மரத்தில்
ஓலை சுற்றி நட்டாச்சு
சொக்கப் பனையைக் கொளுத்தும் போது
ஊரே ஒன்றாய் வந்தாச்சு!

(எல்லாரும் பல்லவி, நின்ற இடத்திலேயே கும்மி தட்டி)

எண்ணெய் விடும்போது
(வீட்டுக்குத் திரும்பியதும் தாத்தாவும் பேரன்களும் கிண்ணத்தோடு ஒரு சுற்று வரணும்.)

குனிஞ்ச சுடருக்கு எண்ணெய் கொடு
குச்சியால் திரியைத் தூண்டி விடு
அணைஞ்ச அகலைப் பார்த்து விட்டால்
அடுத்த அகலால் ஏற்றி விடு

தாத்தா நடையோ மெதுநடை
பேரன் நடையோ குதிநடை
ரெண்டு பேரும் சேர்ந்து போனால்
ஒரு விளக்கும் மிச்சமில்லை!

பொரி கொடுக்கும்போது
(கடைசிப் பகுதி. பாட்டியும் அம்மாவும் தட்டோடு வந்ததும் தொடங்கவும். பொரி வாங்கியவர்கள் பாடுவதை நிறுத்திக்கொள்ளலாம். அப்படியே குரல்கள் ஒவ்வொன்றாகக் குறையும். கை நிறையாத பிள்ளை மட்டும் கடைசிவரை பாடும்.)

நெல்லுப் பொரியும் வறுத்தாச்சு
வெல்லப் பாகும் காய்ச்சியாச்சு
தேங்காய் பல்லாய் நறுக்கிப் போட்டு
உருண்டை பிடிச்சு வைச்சாச்சு

அண்ணா மலையார்க்குப் படைச்சாச்சு
அப்பம் அடையும் வைச்சாச்சு
கையைக் கழுவி வந்தவங்க
வரிசை கட்டி நின்னாச்சு

தாத்தாவுக்குச் சின்ன உருண்டை
பல்லுக்கு மெத்தென் றிருக்கட்டும்
அத்தைக்கு ரெண்டு, மாமாவுக்கு மூணு
அம்மா பங்கும் எடுத்து வை

எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு
இன்னும் ஒண்ணு தா பாட்டி!
கேட்ட பிள்ளை கையை நீட்டு
கேட்கும் முன்னே தா பாட்டி!

தா பாட்டி, தா பாட்டி
இன்னும் ஒண்ணு தா பாட்டி!